விலை ஏறும் நாள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது

பிப்ரவரி மாதம் பட்ஜெட் போடும் காலம். நிதிப் பிரிவிலிருந்து விற்பனைப் பிரிவுக்கு ஒரு கேள்வி போகும்: "ஏப்ரலிலிருந்து இந்த வாடிக்கையாளரோட ரேட் எவ்வளவு ஏறும்?" பதிலும் வழக்கமானதுதான். "அஞ்சு, ஆறு பர்சென்ட் போட்டுக்குங்க சார்." அந்த ஆறு எக்செல் தாளில் ஏறி, இயக்குநர் குழுவின் முன்னால் வருமானக் கணிப்பாகப் போய் உட்காரும். இது நடப்பதைப் பல நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னை உறுத்தியது ஒன்றுதான். அந்தக் கேள்விக்கான விடை ஒப்பந்தத்தின் தொண்ணூறு சொச்சமாவது பக்கத்தில் அச்சாகியிருந்தது. அதற்குத் தேவையான எண்களில் பெரும்பகுதி அன்றைய தேதியிலேயே அரசு இணையதளத்தில் வெளியாகியும் இருந்தது.

நீண்டகால ஒப்பந்தங்களில் விலை ஒரே எண்ணாக நின்றுவிடுவதில்லை. ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகளுக்குப் பராமரிப்புப் பணி, உதிரிபாகம், மின்மாற்றி, சரக்குப் போக்குவரத்து என்று எதை ஒப்புக்கொண்டாலும், கூலியும் உலோகமும் எண்ணெயும் ஏறும்போது விலை எப்படி மாறும் என்று ஒரு சூத்திரம் எழுதிவைப்பார்கள். அலுவலகப் பேச்சில் இது 'எஸ்கலேஷன் கிளாஸ்', அல்லது 'பி.வி.சி.'. உலகெங்கும் கட்டுமானத் துறையில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதன் பொது வடிவம் உண்டு. ஒரு பகுதி மாறாதது. மீதி கூலிக்கு இவ்வளவு, எந்திரத்துக்கு இவ்வளவு, பொருளுக்கு இவ்வளவு என்று பங்கிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பங்கும் அன்றைய குறியீட்டெண்ணை அடிப்படைக் குறியீட்டெண்ணால் வகுத்து வரும் விகிதத்தோடு பெருக்கப்படும். இந்தியாவில் எழுதப்படும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள் வரும். ஒன்று, தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியைத் தீர்மானிப்பதும் இதுவே. மற்றொன்று, வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள பொருளாதார ஆலோசகர் அலுவலகம் வெளியிடும் மொத்த விலைக் குறியீடு. இனி இவற்றைத் தொழிலாளர் குறியீடு, மொத்த விலைக் குறியீடு என்றே சுருக்கிச் சொல்கிறேன்.

ஒப்பந்தங்களிலிருந்து சூத்திரத்தை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டால், பலர் சூத்திரத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்கள். கணக்கு தவறுவது பெரும்பாலும் அதைச் சுற்றியிருக்கும் சொற்களில்தான். எந்த மாதத்துக் குறியீடு, எந்த அடிப்படை ஆண்டு, எதிலிருந்து அளப்பது, எந்தக் கடிதம் இதை மாற்றியது என்ற விவரங்கள் இல்லாத சூத்திரத்தை வைத்து நிதிப் பிரிவால் ஒன்றும் செய்ய முடியாது. ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு கணக்கு, முதலிலிருந்து

கீழே வரும் ஒப்பந்தம் நானே கட்டிக்கொண்டது. ஆனால் இதன் ஒவ்வொரு உறுப்பையும் உண்மையான ஒப்பந்தங்களில் கண்டிருக்கிறேன். ஓர் ஆலையின் எந்திரங்களை இயக்கிப் பராமரிக்கும் பணி. மாதக் கட்டணம் ரூ. 40 லட்சம். அடிப்படை மாதம் 2019 மார்ச். ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் விலை திருத்தப்படும். அதற்கு முந்தைய டிசம்பர் மாதக் குறியீடுகள் பயன்படும். சூத்திரம் இது:

```
P = P0 * (0.15 + 0.45*L/L0 + 0.40*W/W0)
```

இங்கே L தொழிலாளர் குறியீடு, W மொத்த விலைக் குறியீடு. கட்டணத்தில் 15 சதவீதம் எப்போதும் மாறாது. 45 சதவீதம் கூலியோடும் 40 சதவீதம் பொருள்களின் விலையோடும் நகரும். 2024 ஏப்ரலில் கட்டணம் என்ன?

2019 மார்ச்சில் தொழிலாளர் குறியீடு 309. 2023 டிசம்பரில் 138.8. அவசரத்தில் இருப்பவர் ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுவார். 0.449 வரும். கூலி ஐந்து ஆண்டில் பாதிக்கும் கீழே போய்விட்டதாகவும், மாதக் கட்டணம் ரூ. 34 லட்சத்துக்கு இறங்கிவிட்டதாகவும் கணக்கு சொல்லும். விலைவாசி தெரிந்த எவரும் இதை நம்ப மாட்டார்கள். நடந்தது என்னவென்றால், 309 என்பது 2001-ஐ 100 என்று வைத்த பழைய தொடரின் எண், 138.8 என்பது 2016-ஐ 100 என்று வைத்த புதிய தொடரின் எண். 2020 செப்டம்பர் மாதக் குறியீட்டிலிருந்து தொழிலாளர் பணியகம் தொடரை மாற்றியது. பழையதையும் புதியதையும் சேர்க்க 2.88 என்ற இணைப்புக் காரணியையும் அறிவித்தது. எனவே 138.8-ஐ 2.88-ஆல் பெருக்க வேண்டும்; 399.74 வரும். அதை 309-ஆல் வகுத்தால் 1.2937. ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் 29 சதவீத ஏற்றம் என்பது நம்பக்கூடியது.

மொத்த விலைக் குறியீட்டில் இந்தச் சிக்கல் இங்கே இல்லை. இரண்டு எண்களும் 2011-12 தொடரைச் சேர்ந்தவை. கணக்கு எளிதாக இருக்க அடிப்படையை 120 என்றும், 2023 டிசம்பரை 150 என்றும் முழு எண்களாக்கிக்கொள்கிறேன். விகிதம் 1.25. எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டால் 1.2322 வரும். மாதக் கட்டணம் ரூ. 49.29 லட்சம்.

இப்போது ஒரு வருடம் பின்னே போவோம். 2023 ஏப்ரலின் கட்டணம் 2022 டிசம்பர் குறியீட்டின்படி. அப்போது தொழிலாளர் குறியீடு 132.3. மொத்த விலைக் குறியீடு அந்த டிசம்பருக்கும் அடுத்த டிசம்பருக்கும் இடையே ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நகர்ந்தது. ஆகவே அதையும் 150 என்றே வைக்கலாம். கட்டணம் ரூ. 48.20 லட்சம். அதாவது 2024 ஏப்ரலில் உண்மையான ஏற்றம் 2.3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. "ஆறு போட்டுக்குங்க சார்" என்று சொன்னபடி பட்ஜெட் போட்டிருந்தால், மாதத்துக்கு ரூ. 1.80 லட்சம், வருடத்துக்கு ஏறத்தாழ ரூ. 21.6 லட்சம் வராத பணத்தை வரவாக எழுதியிருப்போம். இது ஒரே ஒரு வாடிக்கையாளரின் கணக்கு.

எந்த மாதம், எப்படிப்பட்ட சராசரி

'முந்தைய டிசம்பர் மாதக் குறியீடு' என்று இந்த ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது. எல்லா ஒப்பந்தமும் அப்படிச் சொல்வதில்லை. 'திருத்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதச் சராசரி' என்பார்கள். 'திருத்த நாளில் கிடைக்கும் கடைசிக் குறியீடு' என்பார்கள். சிலர் 'நிலவும் குறியீடு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாதத் தொழிலாளர் குறியீடுகளின் சராசரி 136.4. டிசம்பர் எண் 138.8. சராசரியை எடுத்தால் நமது கட்டணம் மாதத்துக்கு ஏறத்தாழ ரூ. 40,000 குறையும். இன்னும் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் அதே ஆண்டின் ஜூனையும் ஜூலையையும் எடுத்துக்கொள்ளலாம். ஜூனில் 136.4, ஜூலையில் 139.7. ஒரே மாதத்தில் 3.3 புள்ளி ஏறியது. தக்காளி விலை எகிறிய மாதம் அது. நமது ஒப்பந்தத்தில் ஜூனுக்குப் பதில் ஜூலை என்று எழுதியிருந்தால், மாதக் கட்டணம் ரூ. 55,000 அதிகம். ஆலைப் பராமரிப்புக் கட்டணத்தில் தக்காளி விலை வந்து உட்காருவது விந்தையாகப் படலாம். ஆனால் அந்தக் குறியீடு தொழிலாளர் குடும்பத்தின் வீட்டுச் செலவை அளப்பது. அதில் உணவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே குறியீட்டின் பெயரோடு மாதத்தையும், அது தனி மாதமா சராசரியா என்பதையும் எடுத்து எழுதாதவர் பாதிக் கணக்கைத்தான் எடுத்திருக்கிறார்.

இடத்தையும் கவனிக்க வேண்டும். தொழிலாளர் குறியீடு அகில இந்திய அளவிலும் வெளியாகிறது, சென்னை, கோவை, மதுரை, சேலம் போன்ற மையங்களுக்குத் தனித்தனியாகவும் வெளியாகிறது. 2.88 என்பது அகில இந்திய எண்ணுக்கான இணைப்புக் காரணி. ஒவ்வொரு மையத்துக்கும் அதற்கென்று தனிக் காரணி இருக்கிறது. 'சென்னை மையத்துக் குறியீடு' என்று ஒப்பந்தம் சொல்ல, அதை 2.88-ஆல் பெருக்கிவைத்தால் விடை பார்ப்பதற்குச் சரிபோலவே இருக்கும். முதலில் சொன்ன 0.449 போல அது கண்ணைக் குத்தாது. அதனால்தான் அது கூடுதல் ஆபத்து.

குறியீட்டின் பெயரே காணாமல் போவதும் உண்டு. மொத்த விலைக் குறியீட்டின் 2004-05 தொடர் நடந்த காலத்தில் எழுதிய பல ஒப்பந்தங்கள் 'அடிப்படை உலோகங்கள், கலப்பு உலோகங்கள், உலோகப் பொருள்கள்' என்ற ஒரே தொகுதியைக் குறிப்பிடும். 2017 மே மாதம் 2011-12 தொடர் வந்தபோது அந்தத் தலைப்பு இல்லை. அடிப்படை உலோகங்கள் ஒரு தொகுதியாகவும், எந்திரம் அல்லாத உலோக ஆக்கப் பொருள்கள் வேறொரு தொகுதியாகவும் பிரிந்துவிட்டன. இரண்டில் எது என்று ஒப்பந்தம் எழுதியவர்களே முடிவு செய்து, கடிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்து எடுப்பவர் தன் ஊகத்தை அங்கே நிரப்பக் கூடாது. 'முடிவாகவில்லை' என்று எழுதிவைப்பதே சரியான பதிவு.

டீசலைச் சார்ந்த போக்குவரத்து ஒப்பந்தங்களிலும் இதே கதையை வேறு உருவில் பார்க்கலாம். 2017 ஜூன் 16-க்கு முன்பு டீசல் விலை மாதத்துக்கு இருமுறைதான் மாறும். 'விலை திருத்தப்படும் நாளில் உள்ள விலை' என்று எழுதினால் அதற்குப் பொருள் இருந்தது. தினசரி விலை நிர்ணயம் வந்த பிறகு ஒவ்வொரு நாளும் திருத்த நாள்தான். பழைய வாசகத்தைத் திருத்தாமல் விட்ட ஒப்பந்தங்களில் இரு தரப்பும் தமக்குச் சாதகமான நாளைப் பிடித்துக்கொண்டு வாதாடும்.

சூத்திரம் எங்கே ஒளிந்திருக்கும்

நூற்று நாற்பது பக்க ஒப்பந்தத்தில் விலை பற்றிய பிரிவைத் திறந்தால் 'விலை இணைப்பு எஃப்-இன்படி திருத்தப்படும்' என்ற ஒரு வரிதான் இருக்கும். இணைப்பு எஃப்பில் சூத்திரம் இருக்கும். L, W என்ற எழுத்துகளின் பொருள் முதல் அத்தியாயத்தின் வரையறைப் பகுதியில் இருக்கும். அடிப்படை மாதம் எது என்று அங்கும் இருக்காது. 'ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு 28 நாள் முன்' என்பது போலக் கணக்கிட்டு எடுக்கும்படி விட்டிருப்பார்கள். ஃபிடிக் அடிப்படை நாளை வரையறுப்பது இப்படித்தான். ஆக, அந்த ஒப்பந்தப்புள்ளியின் கடைசி நாள் எது என்று வேறொரு கோப்பில் தேட வேண்டும். அந்தத் தேதி இடையில் நீட்டிக்கப்பட்டிருந்தால் நீட்டிப்புக் கடிதமும் வேண்டும்.

ஆகவே ஒரு வாடிக்கையாளருக்கான எல்லாக் காகிதங்களையும் தேதி வரிசையில் வைப்பதுதான் முதல் வேலை. ஒப்பந்தம், இணைப்புகள், திருத்தங்கள், பர்சேஸ் ஆர்டர், பேச்சுவார்த்தைக் குறிப்புகள், விலை பற்றிய கடிதங்கள். இவற்றுள் முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற முன்னுரிமை வரிசை ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதை முதலில் படிக்க வேண்டும். பர்சேஸ் ஆர்டரில் 'விலை மாறாது' என்று அச்சடித்த பொது நிபந்தனை கிடந்தாலும், ஒப்பந்தமே மேலோங்கும் என்று வரிசை சொன்னால் அந்த அச்சு செல்லாது. வரிசை தலைகீழாக இருந்தால் சூத்திரமே செல்லாது. இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு தேடல். இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தேடுசொற்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் தேடினால், கீழே உள்ளது போன்ற ஒரு வடிவம் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்:

```
escalat|price\s+(variation|adjust|revis)|index|WPI|CPI|base\s+(date|month)
```

ஆனால் வருடிப் படமாக்கிய பக்கங்களில் இந்தத் தேடல் எதையும் பிடிக்காது. எழுத்துணரி கொண்டு அவற்றை முதலில் எழுத்தாக்க வேண்டும். அங்கேதான் சூத்திரம் சிதைகிறது. பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் இரண்டு தனி வரிகளாகப் பிரியும். L0 என்பதன் சுழியம் ஓ என்ற எழுத்தாகும். 0.15-இன் புள்ளி காணாமல் போகும். அதனால் சூத்திரம் இருக்கும் பக்கத்தை எழுத்துணரியை நம்பி எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பக்கத்தைக் கண்டுபிடிக்க எந்திரம், அதைப் படித்து எழுத மனிதக் கண். அதுவும் இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும்.

எடுத்ததைச் சரிபார்க்க இரண்டு எளிய சோதனைகள் போதும். முதலாவது, பங்குகளைக் கூட்டிப் பார்ப்பது. 0.15, 0.45, 0.40 கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் எண் பிசகியிருக்கிறது. சில ஒப்பந்தங்கள் ஏற்றத்தை மட்டும் கணக்கிடும் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். அங்கே கூட்டல் 1-க்குக் கீழே இருக்கும், மீதி மாறாத பகுதி. அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, L-க்குப் பதில் L0-ஐயும் W-க்குப் பதில் W0-ஐயும் போட்டுப் பார்ப்பது. விடை சரியாக P0, அதாவது ரூ. 40 லட்சம் வர வேண்டும்.

இவற்றுக்கு மேல் ஒரு சோதனை உண்டு. என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை: பழைய பில்லை மீண்டும் போட்டுப் பார்ப்பது. எடுத்த சூத்திரத்தையும் மாதத்தையும் காரணியையும் வைத்து, வாடிக்கையாளர் ஏற்கெனவே பணம் கொடுத்த ஒரு பில்லின் விலையை நாமே கணக்கிட வேண்டும். ரூபாய் ரூபாயாகப் பொருந்தினால் எடுத்தது சரி. நமது உதாரணத்தில் குறைந்தது இரண்டு பில்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்: 2019 டிசம்பரின் பழைய தொடர் எண்ணான 330-ஐப் பயன்படுத்திய 2020 ஏப்ரல் பில், 2020 டிசம்பரின் புதிய தொடர் எண்ணான 118.8-ஐப் பயன்படுத்திய 2021 ஏப்ரல் பில். இரண்டாவது மட்டும் பொருந்தவில்லை என்றால் இணைப்புக் காரணியில் தவறு. இரண்டும் சிறிதளவு விலகினால் மாதத்தையோ, எத்தனை தசம இடத்துக்கு முழுமையாக்குகிறார்கள் என்பதையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எல்லா பில்லும் ஒரே மாதிரி விலகினால், நம் கைக்கு வராத ஒரு திருத்தக் கடிதம் எங்கோ இருக்கிறது என்று பொருள். நான் தேடிக் கண்டுபிடித்த திருத்தங்களில் பலவும் இந்த வழியில் அகப்பட்டவைதான்.

இருமுறை ஏறும் விலை

திருத்தங்களில் ஒரு வகையைத் தனியே சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தில் அதனால் ஒரு வருடக் கணிப்பே தடம் மாறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். மூன்று ஆண்டு கழித்து இரு தரப்பும் உட்கார்ந்து புதிய கட்டணம் ஒன்றைப் பேசி முடிக்கிறார்கள். நமது உதாரணத்தில், 2022 ஏப்ரல் முதல் ரூ. 46 லட்சம் என்று வைப்போம். சூத்திரம் தொடரும் என்றும் எழுதிக்கொள்கிறார்கள். பதிவேட்டில் P0-ஐ 40-இலிருந்து 46 ஆக மாற்றுகிறார்கள். L0-ஐயும் W0-ஐயும் மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

அந்த 46 லட்சத்தில் 2019-லிருந்து 2022 வரையிலான ஏற்றம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. பழைய அடிப்படையோடு 2024 கணக்கைப் போட்டால் ரூ. 56.68 லட்சம் வரும். அடிப்படையை 2021 டிசம்பருக்கு நகர்த்தி, அதாவது தொழிலாளர் குறியீடு 125.4, மொத்த விலைக் குறியீடு ஏறத்தாழ 143 என்று வைத்துப் போட்டால் ரூ. 49.11 லட்சம் வரும். ஏழரை லட்ச வித்தியாசம், அதுவும் ஒவ்வொரு மாதமும். அடிப்படையை நகர்த்திய பிறகு இரண்டு தொழிலாளர் எண்களும் புதிய தொடரிலேயே இருப்பதால் 2.88 தேவையில்லை. அதைப் பழக்கத்தில் போட்டுவிட்டால் மீண்டும் ஒரு பிழை. எனவே பதிவேட்டில் P0-ஐத் தனி எண்ணாக வைக்கக் கூடாது. P0, அதன் தேதி, L0, W0, அவற்றின் தொடர் ஆகிய ஐந்தும் ஒரே கட்டாக நிற்க வேண்டும். ஒன்றை மாற்ற வருபவர் ஐந்தையும் தொட்டாக வேண்டும்.

இப்படி வைக்கும் பதிவு ஏறக்குறைய இந்த வடிவில் இருக்கும்:

```
source:  Cl. 14.3, Annexure F, p.94
formula: P0*(0.15 + 0.45*L/L0 + 0.40*W/W0)
base:    P0=4000000; 2019-03; L0=309 (2001=100); W0=120 (2011-12=100)
link:    L 2001->2016 = 2.88
month:   Dec (single month) -> 1 Apr
limits:  threshold 3%, measured from: NOT CLEAR
claim:   within 30 days of revision date
```

பக்க எண் முதல் வரியில் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. மூன்று வருடம் கழித்து வாடிக்கையாளரின் தணிக்கையாளர் கேட்கும்போது, இதை எடுத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

கடைசி இரண்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல ஒப்பந்தங்களில் 'மாற்றம் மூன்று சதவீதத்தைத் தாண்டினால் மட்டுமே விலை திருத்தப்படும்' என்று ஒரு வாசல் வைத்திருப்பார்கள். மூன்று சதவீதம் எதிலிருந்து? போன வருடக் கட்டணத்திலிருந்து என்றால், நமது 2024 ஏற்றம் 2.3-க்கும் கீழே, திருத்தமே கிடையாது. அடிப்படை மாதத்திலிருந்து என்றால் 23 சதவீதம் ஏறியிருக்கிறது, திருத்தம் உண்டு. தாண்டிய பிறகு முழு மாற்றமும் கிடைக்குமா, மூன்றுக்கு மேற்பட்டது மட்டுமா என்ற கேள்வி அடுத்தது. உச்சவரம்பு வைத்த ஒப்பந்தங்களில், வரம்பில் வெட்டுப்பட்ட மிச்சம் அடுத்த வருடத்துக்குப் போகுமா, அத்தோடு போயிற்றா என்று கேட்க வேண்டும். உரிமை கோரும் கெடுவும் இப்படித்தான். முப்பது நாளுக்குள் குறியீட்டு நகலோடு கடிதம் தராவிட்டால் அந்த வருடத் திருத்தம் கைவிட்டுப் போகும் ஒப்பந்தங்கள் உண்டு. கணிப்பில் ஏற்றம் இருக்கும்; பில்லில் இருக்காது.

கணிப்புக்கு முன் கணக்கு

இவ்வளவும் கைக்கு வந்தபின் நிதிப் பிரிவுக்கு என்ன கிடைக்கிறது? காலம் கிடைக்கிறது என்பேன். டிசம்பருக்கான தொழிலாளர் குறியீடு ஜனவரியின் கடைசி வேலை நாளில் வெளியாகும். டிசம்பருக்கான மொத்த விலைக் குறியீடு ஜனவரி நடுவில் தற்காலிக எண்ணாக வரும். அதன் இறுதி எண் டிசம்பர் முடிந்து பத்து வாரம் கழித்து, மார்ச் நடுவில், பிப்ரவரிக் குறியீட்டோடு சேர்ந்து வரும். அதாவது பட்ஜெட் போடும் பிப்ரவரி முதல் வாரத்தில், ஏப்ரல் கட்டணத்தின் 15 சதவீதம் மாறாதது, 45 சதவீதத்துக்கான எண் வெளியாகிவிட்டது, மீதி 40 சதவீதத்துக்கும் தற்காலிக எண் கையில் இருக்கிறது. தற்காலிக எண்ணை எடுப்பதா, இறுதி எண்ணை எடுப்பதா என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்பது மட்டுமே அப்போது பார்க்க வேண்டியது. அடுத்த ஆண்டின் வருமானத்தை ஊகிக்க வேண்டிய தேவை இந்த வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. கூட்டிப் பெருக்கினால் போதும்.

ஊகம் தொடங்குவது அதற்கடுத்த ஏப்ரலில்தான். அங்கேயும் 'ஆறு சதவீதம்' என்று ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட, ஒரு புள்ளியின் விலையைச் சொல்வது பயன்படும். நமது சூத்திரத்தில் தொழிலாளர் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் மாதக் கட்டணம் ஏறத்தாழ ரூ. 16,800 கூடும். மொத்த விலைக் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் ரூ. 13,300 கூடும். இந்த இரண்டு எண்ணும் இருந்தால், விலைவாசி பற்றி நிதிப் பிரிவின் பார்வை மாறும் போதெல்லாம் அவர்களே கணிப்பை நகர்த்திக்கொள்ளலாம். ஒப்பந்தத்தை மீண்டும் திறக்க வேண்டாம். ஐம்பது வாடிக்கையாளர்களுக்கும் இதைச் செய்து கூட்டினால், மொத்த வருமானத்தில் எவ்வளவு எந்தக் குறியீட்டோடு கட்டுண்டிருக்கிறது என்று தெரியும். செலவுப் பக்கத்தையும் எதிரே வைத்துப் பார்க்கலாம். நமது உதாரணத்தில் வாங்கும் உதிரிபாகமெல்லாம் செம்பு என்றால், அனைத்துப் பொருள்களின் மொத்த விலைக் குறியீடு அசையாமல் இருக்கும்போதும் செம்பு ஏறலாம். அந்த இடைவெளியை எந்தச் சூத்திரமும் திருப்பித் தராது. அடுத்த ஒப்பந்தம் பேசும்போதுதான் அதை அடைக்க முடியும்.

இந்தப் பதிவேட்டுக்கு உடனடியாக ஒரு வேலையும் காத்திருக்கிறது. மொத்த விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டை 2011-12-லிருந்து 2022-23-க்கு மாற்ற, நிதி ஆயோக் உறுப்பினர் ரமேஷ் சந்த் தலைமையில் 2025 ஜனவரியில் அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. புதிய தொடருக்கு மாறும்போது, W0-ஐ 2011-12 தொடரில் எழுதிவைத்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் 309-க்கும் 138.8-க்கும் நேர்ந்ததே நேரும். பதிவேட்டில் அடிப்படை ஆண்டு என்ற பத்தி இருந்தால் அந்த ஒப்பந்தங்களை ஒரு நிமிடத்தில் வடிகட்டி எடுத்துவிடலாம். அவற்றுள் தொடர் மாறினால் எந்த இணைப்புக் காரணியைப் பயன்படுத்துவது என்று சொல்லாதவற்றைத் தனியே பிரித்து, ஒரு பக்கக் கடிதத்தோடு வாடிக்கையாளரிடம் இப்போதே போகலாம். விலை ஏற்றம் பற்றிய பேச்சு இல்லாத மாதத்தில் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது எளிது. மார்ச்சில் வாங்குவது கடினம்.